ஒரே எழுத்து திரும்ப வந்தால் ஏன் வகுக்கிறோம், எப்போது வகுக்கக் கூடாது?

"சேர், 'பனம்பழம்' என்ற சொல்லின் எழுத்துக்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற கணக்குக்கு 6! ஐ 2!·2! ஆல் வகுத்து 180 என்று விடை போட்டிருக்கு. ஏன் வகுக்க வேணும்? மிஞ்சுறதைக் கழிச்சா போதாதா? அடுத்த பகுதியில நாலு எழுத்தை மட்டும் எடுத்து அடுக்கச் சொல்லியிருக்கு. நான் ⁶P₄ ஐயும் அதே மாதிரி நாலால வகுத்து 90 என்று எழுதினன். விடை 102 என்று இருக்கு. எங்க பிழை விட்டனான்?" (உயர்தர மாணவி, மல்லாவி)

பிள்ளை, உங்கள் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். முதலாவது இடத்தில் ஏன் வகுக்கலாம் என்பது சரியாகப் பிடிபட்டால், இரண்டாவது இடத்தில் ஏன் வகுக்க முடியாது என்பது தானாகவே தெரியும். அதனால் சூத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முழுவதையும் கையால் எழுதிப் பார்க்கக்கூடிய ஒரு சின்னச் சொல்லில் தொடங்குவோம்.

'பாப்பா' என்ற சொல்லில் பா, ப், பா என்று மூன்று எழுத்துக்கள். இரண்டு 'பா'வும் ஒரே மாதிரி. இப்போதைக்கு அவை வேறு வேறு என்று நினைத்துக்கொண்டு பா₁, பா₂ என்று இலக்கம் போடுங்கள். மூன்று வேறுபட்ட பொருட்களை 3! = 6 விதமாக அடுக்கலாம். அந்த ஆறும் இவை:

பா₁ ப் பா₂, பா₂ ப் பா₁
பா₁ பா₂ ப், பா₂ பா₁ ப்
ப் பா₁ பா₂, ப் பா₂ பா₁

இனி இலக்கங்களை அழித்துவிடுங்கள். முதல் வரியில் உள்ள இரண்டும் 'பாப்பா' ஆகிவிடும். இரண்டாம் வரியில் இரண்டும் 'பாபாப்', மூன்றாம் வரியில் இரண்டும் 'ப்பாபா'. ஆறு அடுக்குகள் மூன்று சோடிகளாக ஒட்டிக்கொண்டன. கண்ணுக்குத் தெரியும் அடுக்குகள் 6 ÷ 2 = 3. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: எந்த அடுக்கும் ஒற்றையாக நிற்கவில்லை, எதுவும் மூன்று தடவை வரவும் இல்லை. ஒவ்வொன்றும் சரியாக இரண்டு தடவைதான் எண்ணப்பட்டிருக்கிறது. வகுத்தல் செல்லுபடியாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

பட்டியில் நிற்கும் மாடுகளைத் தலையை எண்ணாமல் காலை எண்ணி, நாலால் வகுத்து எத்தனை மாடு என்று சொல்வதும் இதே வேலைதான். கால்களை எண்ணுவதில் பிழை இல்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் நாலு கால் என்பது உறுதியாக இருக்கும் வரைக்கும் விடை சரியாக வரும். 'பாப்பா' கணக்கில் இலக்கமிட்ட ஆறு அடுக்குகளும் கால்கள், இலக்கம் அழித்தபின் கிடைத்த மூன்றும் மாடுகள்.

கழிக்கலாமா என்று கேட்டீர்கள். கழிப்பது தப்பு இல்லை, ஆனால் எவ்வளவைக் கழிப்பது என்று முதலில் தெரிய வேண்டுமே. பனம்பழத்தில் மொத்தம் 720. கழிக்க வேண்டியது 540. அந்த 540 எங்கிருந்து வருகிறது? 180 அடுக்குகள் ஒவ்வொன்றும் மூன்று தடவை மேலதிகமாக எண்ணப்பட்டதால் 180 × 3 = 540. ஆக, கழிக்க வேண்டிய தொகையைக் கண்டுபிடிக்கவே உங்களுக்கு அந்த 180 தேவைப்படுகிறது. வகுத்தால் நேரே போய்விடலாம்.

சரி, பனம்பழத்துக்கு வருவோம். எழுத்துக்கள் ப, ன, ம், ப, ழ, ம். ப இரண்டு, ம் இரண்டு, ன ஒன்று, ழ ஒன்று. இலக்கம் போட்டால் ஆறும் வேறு வேறு, ஆகவே 6! = 720 அடுக்குகள். அதில் ஓர் அடுக்கை மட்டும் எடுத்துப் பார்ப்போம். சொல்லையே எடுக்கலாம். இலக்கம் அழித்தால் 'பனம்பழம்' என்று வாசிக்கக்கூடியவை இந்த நாலு:

ப₁ ன ம்₁ ப₂ ழ ம்₂
ப₂ ன ம்₁ ப₁ ழ ம்₂
ப₁ ன ம்₂ ப₂ ழ ம்₁
ப₂ ன ம்₂ ப₁ ழ ம்₁

இரண்டு ப களும் தங்களுக்குள் இடம் மாறுவதற்கு 2! வழிகள். அவை எப்படி நின்றாலும் இரண்டு ம் களும் தங்களுக்குள் இடம் மாற 2! வழிகள். ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை என்பதால் பெருக்குகிறோம்: 2! × 2! = 4. இரண்டு ப களும் எந்த இடத்தில் நின்றாலும், பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும், இந்த 4 மாறாது. ஆகவே 720 ÷ 4 = 180. எல்லாம் நாலு கால் மாடுகள்.

வகுக்கத் தொடங்குமுன் எவை ஒரே எழுத்து என்று முடிவு செய்ய வேண்டும். ஆங்கிலச் சொல்லில் இந்தப் பிரச்சினை வராது. தமிழ்ச் சொல் தந்தால் வரும். ம, ம், மா மூன்றும் தனித்தனி எழுத்துக்கள் என்றுதான் இங்கே எடுக்கிறோம். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே வரும்போது ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் வரும். இந்த ஏழு பெயர்களில் எழுத்து திரும்ப வருவது ஒன்றே ஒன்றில்தான்: கனகராயன்குளம். அதில் க, ன, க, ரா, ய, ன், கு, ள, ம் என்று ஒன்பது எழுத்துக்கள், க மட்டும் இரண்டு தடவை. ன வும் ன் உம் வேறு, கு வும் வேறு. ஆகவே 9!/2! = 181440. புளியங்குளத்தில் ளி வருகிறது, ள வருகிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஏழும் வேறு வேறு, 7! = 5040, வகுக்க எதுவும் இல்லை.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டானுக்குப் போனால் ஒ, ட், டு, சு, ட், டா, ன் என்று ஏழு எழுத்துக்கள். ட் இரண்டு தடவை வருகிறது, 7!/2! = 2520. அதற்கும் அப்பால் புதுக்குடியிருப்பு: பு, து, க், கு, டி, யி, ரு, ப், பு. ஒன்பது எழுத்துக்கள், பு இரண்டு. விடை மறுபடியும் 181440, கனகராயன்குளத்துக்கு வந்த அதே எண். எழுத்துக்கள் எவை என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. மொத்தம் எத்தனை, எது எத்தனை தடவை என்பது மட்டும்தான் விடையைத் தீர்மானிக்கிறது.

உங்கள் வினாவில் இரட்டைகள் மட்டும்தான் வந்தன. 2! உம் 2 உம் ஒரே எண் என்பதால், காரணியத்தால் வகுக்கிறோமா எண்ணிக்கையால் வகுக்கிறோமா என்பது அங்கே வெளியே தெரியாது. மூன்று தடவை வரும் எழுத்தில்தான் குட்டு உடையும். 'கலகலக்க' என்ற சொல்லை எடுங்கள்: க, ல, க, ல, க், க. ஆறு எழுத்துக்கள். க மூன்று, ல இரண்டு, க் ஒன்று. மூன்று க களுக்கும் இலக்கம் போட்டால் அவை தங்களுக்குள் 123, 132, 213, 231, 312, 321 என்று ஆறு விதமாக நிற்கலாம். ஆகவே 3 ஆல் அல்ல, 3! = 6 ஆல் வகுக்க வேண்டும்.

6!/(3!·2!) = 720/12 = 60

இந்தச் சொல்லில் பிள்ளைகள் விடும் பிழைகள் மூன்று விதம். சிலர் 3 ஆலும் 2 ஆலும் வகுத்து 120 எழுதுவார்கள். சிலர் புள்ளியைக் கவனிக்காமல் க் ஐயும் க வோடு சேர்த்து நாலு என்று எடுத்து, 6!/(4!·2!) = 15 எழுதுவார்கள். மூன்றாவது பிழை கொஞ்சம் சுவாரசியமானது. திரும்ப வருபவை மொத்தம் ஐந்து என்று கூட்டி 5! ஆல் வகுப்பார்கள், 720/120 = 6 வரும். அந்த 6 க்கும் ஒரு பொருள் இருக்கிறது. 5! ஆல் வகுப்பது என்றால் மூன்று க களையும் இரண்டு ல களையும் ஒன்றோடொன்று இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியாது என்று சொல்கிறோம், அதாவது க வும் ல வும் ஒரே எழுத்து என்கிறோம். அப்படியானால் வேறாகத் தெரிவது க் மட்டும்தான். அது நிற்க ஆறு இடங்கள் இருப்பதால்தான் 6 வந்தது. க வுக்கும் ல வுக்கும் வித்தியாசம் தெரிகிற நமக்கு அது பொருந்தாது. காரணியங்களைத் தனித்தனியாகப் பெருக்க வேண்டும், எண்ணிக்கைகளைக் கூட்டிக் காரணியம் எடுக்கக் கூடாது.

விடை சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. இலக்கமே போடாமல், ஆறு வெற்று இடங்களை வரைந்துகொள்ளுங்கள். மூன்று க களுக்கும் இடம் தெரிவு செய்ய ⁶C₃ = 20 வழிகள். மிஞ்சிய மூன்று இடங்களில் இரண்டு ல களுக்கு ³C₂ = 3 வழிகள். கடைசி இடம் க் க்கு. 20 × 3 × 1 = 60. இந்த வழியில் வகுத்தல் கண்ணில் படாது, ஏனென்றால் அது சேர்மானத்துக்குள்ளேயே இருக்கிறது. பரீட்சையில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் இப்படி ஒரு தடவை சரிபார்த்துவிடலாம்.

இந்த வகுக்கும் விதி மிகப் பழையது. 1150 இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலேயே இருக்கிறது. 4, 8, 5, 5, 5 என்ற இலக்கங்களால் எத்தனை எண்கள் ஆக்கலாம் என்று அவர் ஒரு கணக்கு வைக்கிறார். 5!/3! = 20. காரணியத்துக்கு நாம் போடும் ! குறி அதற்கு மிகவும் பிந்தியது, 1808 இல் கிறிஸ்தியான் கிராம்ப் அறிமுகப்படுத்தியது.

அடுத்து, இந்த வகைக் கணக்குகளில் வழக்கமாகத் தொடர்ந்து வரும் நிபந்தனை ஒன்றைப் பார்ப்போம், ஏனென்றால் அங்கே நன்றாகப் படிக்கிற பிள்ளையும் புள்ளி இழக்கும். பனம்பழத்தில் இரண்டு ப களும் பக்கத்துப் பக்கத்தில் வரும் அடுக்குகள் எத்தனை? இரண்டையும் சேர்த்துக் கட்டி 'பப' என்று ஒரே பொருளாக எடுக்கிறோம். அப்போது பப, ன, ழ, ம், ம் என்று ஐந்து பொருட்கள், ம் இரண்டு. 5!/2! = 60. இதோடு நிறுத்த வேண்டும். எழுத்துக்கள் வேறு வேறாக இருக்கும் கணக்குகளில் கட்டுக்கு உள்ளே இரண்டும் இடம் மாறலாம் என்று 2! ஆல் பெருக்கிப் பழகியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பெருக்கினால் 120 வரும். ஆனால் 'பப' வைத் திருப்பிப் போட்டாலும் 'பப' தான். உள்ளே மாற எதுவும் இல்லை.

60 தான் சரி என்று எப்படி உறுதி செய்வது? ஆறு இடங்களில் இரண்டு ப களுக்கு இடம் தெரிவு செய்ய ⁶C₂ = 15 வழிகள். அதில் பக்கத்துப் பக்க இடங்கள் 1-2, 2-3, 3-4, 4-5, 5-6 என்று ஐந்து. ஆகவே மொத்த அடுக்குகளில் மூன்றில் ஒரு பங்கில் ப கள் சேர்ந்து நிற்கும். 180 இல் மூன்றில் ஒன்று 60. விடை 120 என்றால் மூன்றில் இரண்டு பங்கில் அவை ஒட்டி நிற்கின்றன என்றாகும், அது நடக்காது.

ப களும் சேரக் கூடாது, ம் களும் சேரக் கூடாது என்றால்? ப சேர்ந்தவை 60. அதே காரணத்தால் ம் சேர்ந்தவையும் 60. இரண்டையும் 180 இலிருந்து கழித்தால், பப வும் ம்ம் உம் ஒருங்கே வரும் அடுக்குகளை இரண்டு தடவை கழித்துவிடுவோம். அவை எத்தனை? பப, ம்ம், ன, ழ என்று நாலு வேறுபட்ட பொருட்கள், 4! = 24. அதை ஒரு தடவை திருப்பிக் கூட்ட வேண்டும்: 180 − 60 − 60 + 24 = 84.

இது தமிழ்ச் சொல் என்பதால் இன்னொரு நிபந்தனையும் கேட்கலாம். நமது இலக்கணப்படி புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ன வும் ழ வும்கூட வராது. பனம்பழத்தின் எழுத்துக்களில் முதலில் நிற்கத் தகுதியுள்ளது ப மட்டும்தான். முதல் இடத்தில் ஒரு ப வை வைத்துவிட்டால் மிஞ்சுவது ன, ம், ப, ழ, ம் என்ற ஐந்து. அதில் இரட்டிப்பது ம் மட்டும், ஆகவே 5!/2! = 60. இங்கே கவனம்: முதலில் வைக்க இரண்டு ப கள் இருக்கின்றனவே என்று 2 ஆல் பெருக்கக் கூடாது. எந்த ப வை வைத்தாலும் சொல் ஒன்றுதான். மற்ற ப தனியாகிவிட்டதால் அதற்காக வகுக்கவும் தேவையில்லை. ஓர் எழுத்தை ஓரிடத்தில் நிறுத்தியதும் மிஞ்சியவற்றைப் புதிதாக எண்ணிப் பார்த்து, எது இன்னும் இரட்டிக்கிறது என்று மறுபடி கேட்க வேண்டும். பழைய கீழெண்ணான 2!·2! ஐ அப்படியே இழுத்துக்கொண்டு வந்தால் 30 என்று பிழையாக முடியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆறு எழுத்திலிருந்து நாலை எடுத்து அடுக்கினால் இலக்கமிட்ட அடுக்குகள் ⁶P₄ = 6 × 5 × 4 × 3 = 360. இதுவரை நீங்கள் செய்தது சரி. அதை நாலால் வகுத்தீர்களே, அங்கேதான் பிழை. ஒவ்வோர் அடுக்கும் நாலு தடவை எண்ணப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

'பனம்ழ' என்ற அடுக்கை எடுங்கள். அதில் ஒரு ப, ஒரு ம். அந்த ப, ப₁ ஆகவும் இருக்கலாம், ப₂ ஆகவும் இருக்கலாம். ம் க்கும் அப்படியே. 2 × 2 = 4 தடவை எண்ணப்பட்டிருக்கிறது. 'பபம்ன' என்பதை எடுங்கள். ப கள் தங்களுக்குள் மாற 2 வழி, ம் எது என்பதற்கு 2 வழி, மறுபடியும் 4. 'பம்பம்' உம் 4. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 'பபனழ' என்று ஓர் அடுக்கு வருமே? அதில் ம் இல்லவே இல்லை. ப₁ப₂னழ, ப₂ப₁னழ என்று இரண்டு தடவைதான் அது எண்ணப்பட்டிருக்கிறது. அதே மாதிரி 'ம்ம்னழ' உம் இரண்டு தடவைதான். மாடுகளுக்கு நடுவே கோழிகளும் நிற்கின்றன. எல்லாக் கால்களையும் நாலால் வகுத்தால் கோழிகள் பாதியாகத்தான் கணக்கில் வரும்.

எத்தனை கோழிகள்? ப, ப, ன, ழ என்ற நாலையும் அடுக்க 4!/2! = 12. ம், ம், ன, ழ க்கும் 12. மொத்தம் 24. நாலால் வகுத்தபோது இந்த 24 உம் 12 ஆகச் சுருங்கிவிட்டன. உங்கள் 90 இல் குறைந்து போன அந்த 12 ஐக் கூட்டினால் 102. விடையில் இருப்பது அதுதான். 24 அடுக்குகள் இரண்டு தடவை, மற்ற 78 உம் நாலு தடவை: 48 + 312 = 360. கால்களின் கணக்கும் பிழையில்லாமல் வருகிறது.

விடைத்தாளில் எழுதும்போது இப்படி எழுதத் தேவையில்லை. எடுக்கும் நாலு எழுத்துக்கள் எந்த வகை என்று பிரித்து எழுதுவதுதான் வழக்கமான முறை. இந்தச் சொல்லில் வேறுபட்ட எழுத்துக்கள் ப, ம், ன, ழ என்று நாலு வகைதான். அதில் இரட்டையாகக் கிடைப்பவை ப உம் ம் உம்.

நாலும் வேறு வேறாக எடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அதை 4! = 24 விதமாக அடுக்கலாம். ஓர் இரட்டையும் வேறு இரண்டு தனி எழுத்துக்களும் என்றால், இரட்டை எது என்பதற்கு 2 வழி, மிஞ்சிய மூன்று வகைகளில் இரண்டைத் தெரிய ³C₂ = 3 வழி. ஆக 6 தெரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 4!/2! = 12 அடுக்குகள், மொத்தம் 72. இரண்டு இரட்டைகளும் என்றால் ஒரே தெரிவு, 4!/(2!·2!) = 6. கூட்டினால் 24 + 72 + 6 = 102.

இரண்டாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. ப இரட்டையாக வந்தபின் தனி எழுத்துக்களை ன, ழ என்ற இரண்டிலிருந்து மட்டும் எடுப்பவர்கள் உண்டு. ம் இரட்டைக்குரிய எழுத்து என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது ஒற்றையாகவும் வரலாம். அதை விட்டுவிட்டால் 72 க்குப் பதில் 24 தான் வரும், மொத்தம் 54 இல் நின்றுவிடும். அதே மாதிரி, மிஞ்சிய நாலு எழுத்துக்களிலிருந்து ⁴C₂ = 6 என்று எடுப்பதும் பிழை. ம் இரண்டு இருந்தாலும் அது ஒரு வகைதான். எழுத்துக்களை அல்ல, வகைகளைத் தெரிவு செய்கிறோம்.

அப்படியானால் சில எழுத்துக்களை மட்டும் எடுக்கும்போது வகுக்கவே கூடாதா? எல்லா அடுக்கிலும் இரட்டிக்கும் ஒவ்வோர் எழுத்தும் குறைந்தது ஒரு தடவையாவது வந்தே தீரும் என்றால், இந்தச் சொல்லில் வகுக்கலாம். ஐந்து எழுத்துக்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும்தான் விடுகிறோம், ஆகவே ப வோ ம் ஓ முழுதாக இல்லாமல் போக முடியாது. ⁶P₅ = 720, நாலால் வகுத்தால் 180. இது சரியான விடைதான். ஆறு எழுத்துக்கும் 180 தானே வந்தது, ஐந்துக்கும் அதே எண்ணா என்று சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். ஆறு எழுத்து அடுக்கில் முதல் ஐந்தையும் வைத்துவிட்டால் ஆறாவது எது என்பது ஏற்கெனவே முடிவாகிவிடும். ஆகவே ஐந்தெழுத்து அடுக்குகளும் ஆறெழுத்து அடுக்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்.

ஆனால் இதைச் சூத்திரமாக மனதில் வைக்க வேண்டாம், ஏனென்றால் மூன்று தடவை வரும் எழுத்து இருந்தால் இதுவும் உடையும். கலகலக்கவில் நாலு எழுத்து எடுத்தால் க ஒன்றாக, இரண்டாக, மூன்றாக வரலாம். ஒற்றையாக வந்தால் எந்த க என்பதற்கு 3 வழி. இரண்டாகவோ மூன்றாகவோ வந்தால் 6 வழி. க எல்லா அடுக்கிலும் வந்தாலும் எண்ணப்படும் தடவைகள் சமமாக இல்லை. அங்கே வகை பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கணினி கிடைத்தால் இவ்வளவையும் சரிபார்த்துக்கொள்ளலாம். தகவல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பைதன் தெரிந்திருக்கும்:

```python
from itertools import permutations
s = ["ப", "ன", "ம்", "ப", "ழ", "ம்"]
print(len(set(permutations(s))))
print(len(set(permutations(s, 4))))
```

முதல் வரி 180 காட்டும், அடுத்தது 102. `permutations` இலக்கமிட்ட அடுக்குகள் எல்லாவற்றையும் தருகிறது, `set` ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிடுகிறது. நாம் இலக்கம் போட்டு அழித்த அதே வேலைதான்.

ஒரு விடயம் மட்டும் பார்த்துச் செய்யுங்கள். எழுத்துக்களை மேலே உள்ளபடி தனித்தனியாக மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். சொல்லை `"பனம்பழம்"` என்று ஒரே சரமாகக் கொடுத்தால் முதல் விடை 5040 என்று வரும். கணினி ம் ஐ ஓர் எழுத்தாக வைத்திருப்பதில்லை. ம என்றும் புள்ளி என்றும் இரண்டு துண்டாக வைத்திருக்கிறது. ஆகவே அது எட்டுத் துண்டுகளை அடுக்குகிறது. ப இரண்டு, ம இரண்டு, புள்ளி இரண்டு, அத்தோடு ன, ழ: 8!/(2!·2!·2!) = 40320/8 = 5040. சூத்திரம் அங்கேயும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எண்ணப்பட்ட பொருட்கள்தான் வேறு. அந்த 5040 இல் புள்ளி ழ வின் மேலும் ப வின் மேலும் ஏறிப்போன அடுக்குகளும், புள்ளியிலேயே தொடங்கும் அடுக்குகளும் கலந்திருக்கும். ஒன்றிரண்டை அச்சிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி நீங்களாகவே பனம்பழத்தில் மூன்று எழுத்துக்களை எடுத்து அடுக்கிப் பாருங்கள். ⁶P₃ = 120, நாலால் வகுத்தால் 30 வரும், அது பிழை. மூன்றும் வேறு, ஓர் இரட்டையும் ஒரு தனியும் என்று இரண்டு வகைதான் இருக்கிறது. வகை பிரித்துச் செய்தால் 42 வர வேண்டும். வந்தபின், எந்தெந்த அடுக்குகள் எத்தனை தடவை எண்ணப்பட்டன என்று எழுதி, அவற்றைக் கூட்டினால் 120 வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டு தடவை எண்ணப்பட்டவை இந்த முறை 24 இருக்கும்.